டயர் ஏன் பாடுகிறது? பட்டன் வரிசையும் காருக்குள் கேட்கும் ரீங்காரமும்

(ஒலிபரப்பான எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

இன்றைக்கு டயர் சத்தம் பற்றிப் பேசலாம். ஒரே கார், ஒரே ரோடு, ஒரே வேகம். டயர் மட்டும் மாறினால் ஒன்று அமைதியாக ஓடுது, இன்னொன்று "ம்ம்ம்" என்று ரீங்காரம் போடுது, மூன்றாவது லாரி மாதிரி உறுமுது. இது ஏன் என்பதுதான் கேள்வி.

முதலில் ஒரு சின்ன விஷயம் செய்து பாருங்க. வீட்டு ஜன்னலில் கம்பி இருக்கும் இல்லையா, அதன் மேல் ஒரு குச்சியை வேகமாக இழுங்க. "டர்ர்" என்று ஒரு சத்தம் வரும். இன்னும் வேகமாக இழுத்தால் அந்தச் சத்தத்தின் சுருதி ஏறும். கம்பிகள் சம இடைவெளியில் இருப்பதால்தான் அது சுருதி மாதிரி கேட்குது. கம்பிகள் தாறுமாறான இடைவெளியில் இருந்தால் அதே குச்சி, அதே வேகத்தில் "கடகட" என்று வெறும் சத்தம்தான் வரும். இன்றைக்கு நான் சொல்லப்போவதில் பாதி இதிலேயே இருக்கு.

பட்டன் ரோட்டில் அடிக்கும்போது

டயரின் மேல் ரப்பர் கட்டை கட்டையாகப் பிரிந்திருக்கும். நம்ம ஊர் டயர் கடைகளில் அதைப் பட்டன் என்பார்கள், நானும் அப்படியே சொல்றேன். வண்டி ஓடும்போது ஒவ்வொரு பட்டனும் ரோட்டில் வந்து அடிக்குது, நசுங்குது, பின்பக்கம் ரோட்டை விட்டுச் சட்டென்று விடுபட்டு அதிருது. அடிக்கும்போது ஒரு தட்டு, விடும்போது ஒரு சுண்டல்.

இரண்டாவது, காற்று. உள்ளங்கையைக் குழித்துக் கைதட்டிப் பாருங்க. தட்டையாகத் தட்டுவதைவிட "டப்" என்று கனமாகக் கேட்கும், ஏனென்றால் உள்ளே மாட்டிய காற்று பிதுங்கி வெளியே வருது. இரண்டு பட்டன்களுக்கு நடுவில் இருக்கும் பள்ளத்திலும் இதேதான் நடக்குது. பள்ளம் ரோட்டில் அமுங்கும்போது காற்று பிதுங்குது, தூக்கும்போது உறிஞ்சப்படுது.

மூன்றாவது, இந்தச் சத்தத்தைப் பெருக்குகிற அமைப்பு. டயர் வளைவு, ரோடு தட்டை. இரண்டும் சேரும் இடத்தில் ஆப்பு வடிவத்தில் ஒரு இடுக்கு கிடைக்குது. திருவிழாவில் கட்டும் கூம்பு ஸ்பீக்கர் எப்படிச் சத்தத்தை வெளியே தள்ளுதோ, அதேபோல் இந்த இடுக்கும் உள்ளே பிறந்த சத்தத்தைப் பெரிதாக்கி முன்னும் பின்னும் தள்ளுது.

இந்த மூன்றும் எல்லா டயருக்கும் உண்டு. சீரான வேகத்தில் போகும் காரில், மணிக்கு 40, 50 கிலோமீட்டரைத் தாண்டினாலே இன்ஜின் சத்தத்தைவிட டயர் சத்தம்தான் அதிகம். அப்படியானால் ஒரு டயரில் மட்டும் அது ரீங்காரமாக ஏன் கேட்குது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நிறைய செடான் கார்களில் வரும் 205/55 ஆர்16 அளவை எடுத்துக்கொள்வோம். இந்த டயர் ஒரு சுற்றுச் சுற்றினால் கார் ஏறத்தாழ 1.93 மீட்டர் நகரும். மணிக்கு 80 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 22.2 மீட்டர். அப்படியானால் டயர் வினாடிக்குச் சுமார் 11.5 சுற்று சுற்றுது.

டயரைச் சுற்றி 70 பட்டன்கள் இருக்கு, எல்லாம் ஒரே நீளம் என்று வைத்துக்கொள்ளுங்க. 11.5-ஐ 70-ஆல் பெருக்கினால் 805. அதாவது வினாடிக்கு 805 தட்டு, சீராக, தாளம் தவறாமல். இதைக் காது தட்டுகளாகக் கேட்காது. 805 ஹெர்ட்ஸில் ஒரு சுருதியாகக் கேட்கும். வேகத்தை 40-க்குக் குறைத்தால் அது பாதியாகி 400 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ரீங்காரம் மேலே ஏறி, விட்டால் கீழே இறங்குவது இதனால்தான்.

நம்ம காது இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளும். மழைச் சத்தத்தில் தூங்கிவிடுவோம். ஆனால் பக்கத்து அறையில் ஒரு கொசு பாடினால் தூக்கம் வராது. மொத்தச் சத்தம் எவ்வளவு என்பது மட்டும் இல்லை, அது ஒரே சுருதியில் குவிந்திருக்கா, பரவியிருக்கா என்பதும் முக்கியம். டயர் வடிவமைப்பாளர்கள் கையில் எடுக்கும் முதல் கருவி இதுதான். தட்டை நிறுத்த முடியாது, தாளத்தைக் கலைக்கலாம்.

பட்டன்கள் ஒரே நீளத்தில் இருக்காது

இதை நீங்களே சரிபார்க்கலாம். வண்டியை நிறுத்திவிட்டு ஒரு டேப் எடுத்துக்கொண்டு டயரின் ஓரத்துப் பட்டன்களை வரிசையாக அளந்து பாருங்க. ஒரு பட்டனின் ஆரம்பத்திலிருந்து அடுத்த பட்டனின் ஆரம்பம் வரை அளக்கணும். நம்ம 70 பட்டன் டயரில் சராசரி 28 மில்லிமீட்டர் வரும். ஆனால் ஒன்று 24 இருக்கும், அடுத்தது 28, அதற்கடுத்தது 33, திரும்ப 24. பெரும்பாலான கார் டயர்களில் மூன்றிலிருந்து ஐந்து வகை நீளங்கள் இருக்கும். அவற்றை ஒழுங்கில்லாதது போல் தோன்றும் ஒரு வரிசையில் அடுக்கியிருப்பார்கள். பார்வைக்கு ஒழுங்கில்லை, ஆனால் அந்த வரிசையைக் கணினியில் ஆயிரக்கணக்கான மாற்று வரிசைகளோடு ஒப்பிட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இப்போது என்ன ஆகுது? 80 கிலோமீட்டர் வேகத்தில் குட்டிப் பட்டன்கள் 950 ஹெர்ட்ஸ் பக்கமும், நீளமானவை 690 ஹெர்ட்ஸ் பக்கமும் தட்டுது. 805-இல் குவிந்திருந்த சக்தி 690-லிருந்து 950 வரைக்கும் பரவிடுது. மீட்டர் வைத்து அளந்தால் மொத்த டெசிபெல் பெரிதாகக் குறைந்திருக்காது. ஆனால் காருக்குள் இருப்பவருக்கு ரீங்காரம் மறைந்து, காற்று அடிப்பது போன்ற ஒரு "ஷ்ஷ்" மட்டும் மிஞ்சும்.

அப்படியானால் குட்டிப் பட்டனை இன்னும் குட்டியாகவும், பெரியதை இன்னும் பெரிதாகவும் செய்தால் இன்னும் நல்லா பரவுமே என்று கேட்கலாம். இங்கேதான் கட்டுப்பாடு வருது. குட்டிப் பட்டன் வளைந்து கொடுக்கும், பெரிய பட்டன் விறைப்பாக நிற்கும். வித்தியாசம் கூடினால் இரண்டும் ஒரே மாதிரி தேயாது. அதனால் பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வித்தியாசத்தை ஓர் எல்லைக்குள் வைக்கிறார்கள்.

வரிசையிலும் ஒரு பொறி இருக்கு. குட்டிகளையெல்லாம் ஒரு பக்கமும் பெரியவற்றையெல்லாம் இன்னொரு பக்கமும் கூட்டமாக வைத்துவிட்டால், ஒவ்வொரு சுற்றுக்கும் சுருதி ஏறி ஏறி இறங்கும். சீரான ரீங்காரத்துக்குப் பதில் "வாவ்-வாவ்-வாவ்" என்று அலைபாயும் சத்தம் வரும். அது முன்னதைவிட எரிச்சல். தாளத்தைக் கலைக்கும்போது இன்னொரு தாளம் உள்ளே வந்துவிடாமல் பார்க்கணும்.

பள்ளத்தின் சாய்வு

அடுத்து குறுக்குப் பள்ளங்கள். டயர் ரோட்டைத் தொடும் இடம் உள்ளங்கை அளவு. அந்தத் தொடுபகுதியின் முன்விளிம்பு லேசாக வளைந்திருக்கும். குறுக்குப் பள்ளமும் அதே வளைவில் இருந்தால், பட்டனின் விளிம்பு முழுக்க ஒரே நேரத்தில் ரோட்டில் விழும். பலகையைத் தரையில் தட்டையாகப் போட்டால் "படார்" என்று விழுமே, அந்த மாதிரி. பள்ளம் சாய்வாக இருந்தால் ஒரு முனை முதலில் தொட்டு, மீதி மெல்ல மெல்ல இறங்கும். அதே பலகையை ஒரு நுனியிலிருந்து சாய்த்து வைப்பது போல. சத்தம் குறையும்.

இதோடு இடது பாதியையும் வலது பாதியையும் கொஞ்சம் முன்பின்னாக நகர்த்தி வைப்பார்கள். இந்தப் பக்கத்துப் பட்டனும் அந்தப் பக்கத்துப் பட்டனும் ஒரே கணத்தில் அடிக்காமல் மாறி மாறி அடிக்கும்.

இப்போது சேற்றுக்காகச் செய்த மட்-டெரெய்ன் டயரை நினைத்துப் பாருங்க. பட்டன்கள் பெரிது, எண்ணிக்கை குறைவு, இடைப் பள்ளம் அகலம். சேறு உள்ளே தங்காமல் தெறிக்கணும் என்பதற்காக அப்படி. அதற்கு விலையாக ஒவ்வொரு தட்டும் கனமாக விழுது. எண்ணிக்கை குறைவு என்பதால் சுருதியும் கீழே இறங்குது. ரீங்காரம் உறுமலாக மாறுவது இப்படித்தான். லாரிகளில் முன்னால் நேர்கோட்டுப் பள்ளம் போட்ட ரிப் டயரும், பின்னால் இழுக்கும் சக்கரத்தில் குறுக்குப் பட்டன் போட்ட லக் டயரும் பார்த்திருப்பீர்கள். லாரி நம்மைக் கடந்து போகும்போது பின்பக்கத்திலிருந்து வரும் அந்த ஊளை லக் டயருடையது.

பட்டனால் தீராத சத்தம்

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லணும். எல்லாச் சத்தத்துக்கும் பட்டன் காரணம் இல்லை. ஜல்லி தெரியும் சொரசொரப்பான ரோட்டில் ஒரு "கொர்ர்" வருமே, அது ரோட்டின் மேடுபள்ளம் டயரை அதிர வைத்து, சஸ்பென்ஷன் வழியாக பாடிக்குள் ஏறி வருவது. பொதுவாக 400, 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் சத்தம் இப்படி இரும்பு வழியாக வருது. அதற்கு மேலே இருப்பது பெரும்பாலும் காற்று வழியாக, கண்ணாடி, கதவு, தரை எல்லாம் தாண்டி வருது.

டயருக்குள் அடைபட்ட காற்றுக்கும் தனியாக ஒரு சுருதி உண்டு. நம்ம 16 அங்குல டயரில் அந்தக் காற்று வளையத்தின் சராசரிச் சுற்றளவு சுமார் 1.63 மீட்டர். ஒலியின் வேகம் வினாடிக்கு 343 மீட்டர். வகுத்தால் 210 ஹெர்ட்ஸ். பாலத்தின் இணைப்பில் ஏறி இறங்கும்போது "டிங்" என்று பந்து குதிப்பது போன்ற ஒரு ஒலி கேட்டால் அது இதுதான். சில கம்பெனிகள் டயரின் உள்சுவரில் ஸ்பாஞ்ச் ஒட்டி விற்பது இந்த ஒன்றைக் குறைக்கத்தான். அந்த ஸ்பாஞ்ச் பட்டன் ரீங்காரத்தைத் தொடாது.

ஆக, பிரித்தறிய எளிய வழி ரோட்டை மாற்றிப் பார்ப்பது. புதிதாகப் போட்ட வழவழப்பான தார் ரோட்டில் ரீங்காரம் தெளிவாகத் தனித்துக் கேட்டால் சந்தேகம் பட்டன் மேல். சொரசொரப்பான ரோட்டில் மட்டும் உறுமினால் அது ரோடும் டயர் உடலும் காரும் சேர்ந்த விவகாரம்.

ஒரு நேயரின் கார்

இப்போது நேயர் ஒருவர் அனுப்பிய கேள்வி. முன்சக்கர இழுவை செடான், இதே 205/55 ஆர்16 டயர். 35,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. புதிதில் அமைதியாக இருந்த கார், இப்போது 60-க்கு மேல் பின்பக்கத்திலிருந்து ஊளையிடுது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் கியரை நியூட்ரலில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். சத்தம் அப்படியே இருந்திருக்கு. உடனே "பின் பேரிங் இரண்டும் போச்சு சார், மாத்திடலாம்" என்று சொல்லிவிட்டார்கள். மாத்தணுமா என்று கேட்கிறார்.

அந்த நியூட்ரல் சோதனை தப்பில்லை. ஆனால் அது சொல்வது ஒன்றே ஒன்றுதான்: சத்தம் இன்ஜினிலிருந்து வரவில்லை. சக்கரம் சுற்றும் வரை பேரிங்கும் சத்தம் போடும், டயரும் சத்தம் போடும். இரண்டில் எது என்று நியூட்ரல் சொல்லாது.

நான் அவரிடம் நான்கு விஷயம் பார்க்கச் சொன்னேன். முதலாவது, ரோடு மாறும்போது சத்தத்தின் குணம் மாறுதா? பேரிங்குக்கு ரோடு எப்படி இருந்தாலும் ஒன்றுதான், டயருக்கு அப்படி இல்லை. இரண்டாவது, ஆளில்லாத அகலமான ரோட்டில் 60-இல் போய்க்கொண்டே மெதுவாக இடது பக்கமும் வலது பக்கமும் வளைத்துப் பார்க்கணும். இடது பக்கம் திரும்பினால் எடை வலது சக்கரங்கள் மேல் சாயும். வலது பேரிங் கெட்டிருந்தால் அப்போது சத்தம் கூடும், எதிர்ப்பக்கம் திரும்பினால் குறையும். மூன்றாவது, ஜாக்கியில் தூக்கி, சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றணும். கெட்ட பேரிங்கின் கரகரப்பு ஸ்பிரிங் வழியாகக் கைக்குத் தெரியும். நான்காவது, டயரைத் தடவிப் பார்க்கணும்.

அவருக்கு ரோடு மாறினால் சத்தம் மாறியது. வளைத்தால் மாறவில்லை. ஸ்பிரிங்கில் கரகரப்பு இல்லை. பின் டயரின் உள்ஓரத்தைச் சுற்றுவாக்கில் ஒரு திசையில் தடவினால் வழவழப்பு, எதிர்த்திசையில் தடவினால் ரம்பப் பல் மாதிரி கையில் தட்டியிருக்கு. விடை அங்கேதான் இருந்தது.

பட்டனின் ஒரு விளிம்பு தேய்ந்து தாழ்ந்து, மறு விளிம்பு உயரமாக நிற்குது. முன்சக்கர இழுவைக் கார்களின் பின் டயரில் இது அடிக்கடி வரும். பின்பக்கம் எடை குறைவு, இழுக்கும் வேலையும் இல்லை. பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஒரே திசையில் உரசல் விழுது. முன் டயரில் ஆக்ஸிலரேட்டர் ஒரு திசையில் உரசினால் பிரேக் மறுதிசையில் உரசி ஓரளவு சமன் செய்யும். பின்னால் அந்தச் சமன் கிடையாது. இதோடு பின்சக்கர அலைன்மென்ட் கொஞ்சம் விலகியிருந்தால் தேய்மானம் இன்னும் வேகமாகும்.

உயர்ந்து நிற்கும் விளிம்பு ஒவ்வொரு முறையும் பலமாக அடிக்கும். இதைவிட மோசம், ஒன்றுவிட்டு ஒரு பட்டன் அதிகமாகத் தேய்வது. அப்போது சுற்றுக்கு 70 தட்டுக்குப் பதில் 35 பெரிய தட்டு. 11.5 பெருக்கல் 35 என்றால் 400 ஹெர்ட்ஸ். தொழிற்சாலையில் கவனமாகக் கலைத்து வைத்த தாளத்துக்கு மேல் தேய்மானம் தன் சொந்தத் தாளத்தை எழுதிடுது. ஷாக் அப்சார்பர் தளர்ந்து டயரில் குழி குழியாகத் தேய்ந்தால் இன்னும் கீழே இறங்கும். சுற்றுக்கு 15 குழி என்றால் 170 ஹெர்ட்ஸ். பேரிங் உறுமலுக்கும் அதற்கும் காதால் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். பேரிங் மாற்றியும் சத்தம் போகாத கதைகள் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

கடைசிச் சோதனையாகப் பின் டயர்களை முன்னால் மாற்றச் சொன்னேன். மாற்றியதும் சத்தமும் முன்னால் வந்துவிட்டது. பேரிங் இடம் மாறாது, டயர்தான் மாறியது. அதோடு சந்தேகம் தீர்ந்தது. பேரிங் மாற்றும் செலவு மிச்சம்.

இரண்டு விஷயம் சேர்த்துச் சொல்லணும். ரம்பமாகத் தேய்ந்த டயர் முன்னால் வந்ததும், முதலில் சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்கலாம். இழுக்கும் சக்கரமாக ஓட ஓட உயர்ந்த விளிம்பு தேய்ந்து ஓரளவு சமனாகும். ஆழமாகத் தேய்ந்துவிட்டால் முழுசாகப் போகாது. அதனால் 8,000லிருந்து 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை முன்பின் மாற்றிவிடுங்க. டயர் பக்கவாட்டில் சுழலும் திசைக்கான அம்புக்குறி இருந்தால், அதே பக்கத்துக்குள்தான் முன்பின் மாற்றணும்.

இன்னொன்று, சோதனையில் உண்மையிலேயே பேரிங் என்று தெரிந்தால் தள்ளிப்போடாதீங்க. டயர் ரீங்காரம் காதுக்குத் தொல்லை. கெட்ட பேரிங் சக்கரத்துக்கே ஆபத்து.

லேபிளில் இருக்கும் டெசிபெல்

புது டயர் வாங்கும்போது ஐரோப்பிய லேபிளில் ஒரு டெசிபெல் எண்ணும், பக்கத்தில் ஏ, பி, சி என்ற தரமும் பார்க்கலாம். அந்த எண் காருக்குள் அளந்தது இல்லை. இன்ஜினை அணைத்து, 80 கிலோமீட்டர் வேகத்தில் கார் உருண்டு போகும்போது, ரோட்டின் நடுக்கோட்டிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி வைத்த மைக்கில் அளந்தது. அதுவும் சோதனைக்கென்றே போட்ட வழவழப்பான ரோட்டில். ரோட்டோரம் வசிப்பவருக்கு அது பயன்படும் எண். உங்கள் காருக்குள் இரும்பு வழியாக ஏறி வரும் உறுமலை அது சொல்லாது. 20,000 கிலோமீட்டர் தேய்ந்த பிறகு எப்படி இருக்கும் என்பதையும் சொல்லாது.

அதனால் கடையில் லேபிளைப் பாருங்க, கூடவே டயரையும் பாருங்க. பட்டன்கள் சிறிதாக, நிறைய இருக்கா, நீளம் மாறி மாறி வருதா, குறுக்குப் பள்ளம் சாய்வாக இருக்கா, ஓரத்துப் பட்டன்கள் ஒன்றோடொன்று ரப்பரால் இணைந்திருக்கா என்று பாருங்க. இணைந்திருந்தால் தனித்தனியாக ஆடாது, ரம்பமாகத் தேய்வதும் மெதுவாகும்.

இந்த வாரம் உங்கள் கார் டயரை இரண்டு திசையிலும் தடவிப் பார்த்து, கையில் என்ன தட்டுது என்று எழுதி அனுப்புங்க. கார் எது, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு, கடைசியாக எப்போது டயர் மாற்றிப் போட்டீங்க என்பதையும் சேர்த்து எழுதினால் பதில் சொல்ல வசதியாக இருக்கும். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.